பால் பல் போன இடத்தைக் காக்கும் கம்பி வளையம்

"எப்படியும் விழப்போகிற பல்தானே டாக்டர், பிடுங்கிவிடுங்கள்." சொத்தைப் பல்லோடு பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் பலர் இப்படிச் சொல்வதுண்டு. விழப்போகிற பல்தான். ஆனால் பால் பற்கள் எல்லாம் ஒரே வயதில் விழுவதில்லை. முன்பற்கள் 6, 7 வயதில் ஆடத் தொடங்கும். பின்னால் இருக்கும் இரண்டாம் பால் கடைவாய்ப்பல்லோ 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியது.

7 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கீழ்த்தாடையில் அந்தப் பல் சொத்தையாகி, வேரில் சீழ் பிடித்து, எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்னால் ஒரு வருடம் முன்பு புதிதாக ஒரு பல் முளைத்திருக்கும். பால் பல் எதுவும் விழாமல் வந்ததால் வீட்டில் அதையும் பால் பல் என்றே நினைத்திருப்பார்கள். உண்மையில் அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். முன்பக்கம் நகரப் பார்ப்பது அதன் இயல்பு. இதுவரை அதைத் தடுத்து நின்ற பால் பல் போனதும், அது காலியிடத்துக்குள் சாய்ந்து வரத் தொடங்குகிறது. பல் எடுத்த முதல் ஆறு மாதங்களில்தான் இந்த நகர்வு மிக வேகமாக நடக்கும்.

எடுத்த பல்லின் இடத்துக்கு உரிய நிரந்தரப் பல் அப்போது தாடை எலும்புக்குள் வளர்ந்துகொண்டிருக்கும். அது வெளியே வர 11 அல்லது 12 வயதாகும். அதற்குள் இடம் குறுகிவிட்டால் அது எலும்பிலேயே சிக்கிக்கொள்ளலாம். அல்லது வரிசையை விட்டு நாக்குப் பக்கமாக முளைக்கலாம். அப்புறம் கிளிப் போட்டு இடம் உண்டாக்க நீண்ட காலச் சிகிச்சை தேவைப்படும்.

இதைத் தடுக்கத்தான் ஸ்பேஸ் மெயின்டெய்னர். முதலில் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே நிரந்தரப் பல் இருக்கிறதா, அதன் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, மேலே எவ்வளவு எலும்பு மூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். சில பிள்ளைகளுக்கு அந்தப் பல் உருவாகாமலே இருப்பதுண்டு. அப்படியானால் சிகிச்சைத் திட்டமே மாறும். பல் வெளிவரும் தறுவாயில் இருந்தால் கருவியே தேவைப்படாது.

நம் சிறுமிக்குப் பின்னால் இருக்கும் நிரந்தரப் பல்லைச் சுற்றி ஓர் எஃகுப் பட்டை மாட்டி, அச்சு எடுப்பார்கள். லேபில் அந்தப் பட்டையோடு எஃகுக் கம்பி வளையம் ஒன்றைப் பற்றவைப்பார்கள். வளையத்தின் முன்முனை, காலியிடத்துக்கு முன்னால் உள்ள பால் பல்லில் போய் முட்டி நிற்கும். பிறகு பட்டையைச் சிமெண்டால் ஒட்டிவிடுவார்கள். வளையம் ஈறை அழுத்தக் கூடாது. கீழிருந்து வரும் பல் அதன் நடுவே நுழைந்து எழும் அளவுக்கு அகலம் வேண்டும். வரும் பல்லை இது இழுப்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. பாதையைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வளையம் முட்டி நிற்கும் முன்பக்கப் பால் பல் 9 முதல் 11 வயதுக்குள் விழுந்துவிடும். அப்போது வளையத்துக்குப் பிடிமானம் போய்விடும். அதனால் கீழ் முன்பற்கள் நிரந்தரமாக முளைத்த பிறகு, இரு பக்கக் கடைவாய்ப்பற்களையும் நாக்குப் பக்கமாக இணைக்கும் வளைகம்பிக்கு மாற்ற வேண்டி வரலாம்.

இதே பல்லை 5 வயதிலேயே எடுக்க நேர்ந்தால், பின்னால் உள்ள நிரந்தரப் பல் இன்னும் முளைத்தே இருக்காது. அப்போது ஈறுக்குள் இறங்கும் சிறு உலோகத் தகடு ஒன்றை வைத்து, முளைக்கப்போகும் அந்தப் பல்லைச் சரியான இடத்துக்கு வழிநடத்துவார்கள். இதயக் கோளாறு உள்ள பிள்ளைகள் பலருக்குத் தொற்று அபாயம் கருதி இதைத் தவிர்ப்பார்கள்.

கருவி மாட்டியபின் கடலை மிட்டாய், கமர்கட், பபிள்கம் வேண்டாம். அவை பட்டையைப் பெயர்த்துவிடும். பட்டை ஆடுவது, கம்பி ஈறில் புதைவது, ஈறு வீங்குவது, வாய் நாறுவது ஆகியவை கோளாறின் அறிகுறிகள். சிமெண்ட் விட்டுப்போன பட்டைக்கு அடியில் உணவு தங்கி நல்ல பல்லும் சொத்தையாகும். ஆகவே மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். புதுப் பல் தலைகாட்டியதும் கருவியைக் கழற்றிவிட வேண்டும்.

இருக்கிற இடத்தைத்தான் இது காக்கும். மூடிப்போன இடத்தைத் திறக்காது. வேர்ச் சிகிச்சை செய்து எஃகு உறை போட்டுப் பால் பல்லையே காப்பாற்ற முடியுமானால் அதைவிட நல்ல கருவி வேறில்லை. முடியாதென்றால், பல் எடுக்கும் அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்: "இந்த இடத்தைக் காக்க ஏதாவது போட வேண்டுமா?" சில மாதம் கழித்துக் கேட்டால் காலம் கடந்திருக்கும்.