மூன்று கேள்விகள், பத்து நிமிடங்கள்

“நோட்டீஸ் பீரியட் எவ்வளவு? சென்னைக்கு வர முடியுமா? இப்போது சம்பளம் என்ன?” வேலைக்கு ஆள் தேடும் ரெக்ரூட்டரின் முதல் போன் அழைப்பு பெரும்பாலும் இந்த மூன்றைச் சுற்றியே நகரும்.

சறுக்கல் அதிகம் நேர்வது சம்பளத்தில்தான். கோவையில் ஆண்டுக்கு 6 லட்சம் சி.டி.சி. பெறும் மென்பொருள் ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதில் 60,000 ரூபாய் ஊக்கத்தொகை. அடிப்படைச் சம்பளம் 3 லட்சம் என்றால், நிறுவனம் கட்டும் பி.எஃப். 36,000, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 14,400. இவை போக, அவர் பங்கு பி.எஃப்.பும் கழிந்து, மாதம் கையில் வருவது ஏறக்குறைய 37,500 ரூபாய்.

அவர் அந்தத் தொகையை மட்டும் சொன்னால், ரெக்ரூட்டர் பன்னிரண்டால் பெருக்கி நாலரை லட்சம் என்று குறித்துக்கொள்ளக்கூடும். 30 சதவீத உயர்வு கொடுத்தாலும் 5.85 லட்சம்தான், பழைய சி.டி.சி.யைவிடக் குறைவு! “சி.டி.சி. 6 லட்சம், அதில் நிலையானது 5.4 லட்சம்” என்று பிரித்துச் சொல்வதே சரி. “இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?” என்றும் கேட்கலாம்.

நோட்டீஸ் 90 நாள் என்றால் 90 என்றே சொல்ல வேண்டும். பணம் கட்டி முன்கூட்டியே விலக ஒப்பந்தத்தில் வழியிருந்தால், நிறுவனத்தின் சம்மதத்தோடுதான் அது நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

‘சென்னை’ என்பது சிறுசேரியா, அம்பத்தூரா? வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம்? வீட்டு வாடகைக் கணக்கு அந்தப் பதிலில் இருக்கிறது.