எந்த இரண்டாவது குறுக்குத் தெரு?

“2வது குறுக்குத் தெரு, அடையாறு, சென்னை 600020.” வாசித்தால் குறையில்லாத முகவரி போலத்தான் இருக்கிறது. ஆனால் அடையாறில் கஸ்தூர்பா நகருக்கும் ஓர் இரண்டாவது குறுக்குத் தெரு உண்டு, இந்திரா நகருக்கும் உண்டு. இரண்டுக்கும் பின்கோடு ஒன்றே. பறக்கும் ரயிலில் அவை அடுத்தடுத்த நிலையங்கள். பழகிய தபால்காரர் உறையில் இருக்கும் பெயரைப் பார்த்தே எந்த நகர் என்று சொல்லிவிடுவார். கணினிக்கு அந்தப் பழக்கம் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வரைபடத்தில் ஒரு புள்ளியை வைத்துவிடும்.

எழுத்தில் இருக்கும் முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களாக மாற்றுவதுதான் ஜியோகோடிங். உணவு, மளிகை, கூரியர் என்று எதை வீடு தேடிக் கொண்டுபோனாலும், வண்டி கிளம்புவதற்கு முன்னால் இந்த மாற்றம் நடந்தாக வேண்டும். அடையாறு, திருவான்மியூர் வட்டாரத்தில் ஐநூறு வீடுகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஒரு மெஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முகவரிகள் எல்லாம் ஓர் எக்செல் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை வரைபடத்தில் ஏற்றி, எந்த ஆள் எந்த வழியாகப் போவது என்று முடிவுசெய்ய வேண்டும்.

முதலில் நம் முகவரியை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தேடல் கருவியான நாமினேட்டிமிடம் கேட்டுப் பார்க்கலாம். அதன் பொதுச் சேவையில் விநாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது என்பது விதி. கேள்வி இப்படி இருக்கும்:

```
https://nominatim.openstreetmap.org/search?q=2nd+Cross+Street,+Adyar,+Chennai+600020&countrycodes=in&format=jsonv2&limit=5
```

கடைசியில் இருக்கும் `limit=5` முக்கியமானது. பலர் இந்த இடத்தில் 1 என்று போட்டுவிடுகிறார்கள். ஒரே பதில் கேட்டால் ஒரே பதில்தான் வரும். அதற்குப் போட்டியாக இன்னொரு தெரு இருப்பது வெளியே தெரியாது. ஐந்து கேட்டால், வந்த பதில்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று பார்க்கலாம். ஒரே நீளமான தெரு துண்டு துண்டாக வந்திருந்தால் கவலையில்லை. வெவ்வேறு நகர்களின் பெயரோடு வந்திருந்தால் அந்த முகவரி இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். அதை முதல் பதிலோடு முடித்துவிடாமல் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

வரும் எண்களின் தோற்றம் ஆளை ஏமாற்றும். தசமப் புள்ளிக்குப் பிறகு ஏழு இலக்கங்கள் இருக்கும். அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அப்படியானால் ஐந்தாவது தசம இலக்கமே ஒரு மீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. ஏழாவது, ஒரு சென்டிமீட்டர். இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறதே என்று நம்பிவிடத் தோன்றும். ஆனால் அந்தப் புள்ளி வீட்டு வாசலாக இருக்கலாம், தெருவின் நடுப்பகுதியாக இருக்கலாம், அடையாறு என்ற மொத்தப் பகுதிக்கும் பொதுவான மையமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் அதே ஏழு இலக்கங்கள்தான். எது எந்த வகை என்பதை எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கூடவே வரும் குறிப்பைப் பார்க்க வேண்டும். நாமினேட்டிமில் `addresstype` அதைச் சொல்லும். கூகுள் சேவையில் `location_type` என்ற இடத்தில் `ROOFTOP` என்றிருந்தால் குறிப்பிட்ட கட்டடம் வரை கிடைத்திருக்கிறது. `GEOMETRIC_CENTER` என்றால் தெரு போன்ற ஒன்றின் மையம். `APPROXIMATE` என்றால் தோராயம். `partial_match` என்பதும் சேர்ந்து வந்தால், நாம் கொடுத்ததில் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறது. இந்தக் குறிப்பைத் தூக்கியெறிந்துவிட்டு எண்களை மட்டும் எக்செலில் சேமிப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்று நான் கருதுகிறேன். பிற்பாடு வரும் பாதித் தொல்லைகள் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

இதை ஒப்பிட்டால், பதிலே கிடைக்காமல் போகும் முகவரிகள் நேர்மையானவை. கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுகின்றன, அவ்வளவுதான். சென்னையில் ஏன் கிடைக்காமல் போகிறது என்பதற்கான காரணங்களும் பழகியவையே. “புது எண் 14, பழைய எண் 23” என்று இரண்டு கதவு எண்களையும் சேர்த்து எழுதுகிறோம். “பிளாட் 2பி, மாடியில், பிள்ளையார் கோயில் எதிரில்” என்று வழி சொல்கிறோம். திருவான்மியூரை ஆங்கிலத்தில் ஒருவர் டி-யில் தொடங்கி எழுதுகிறார், இன்னொருவர் டிஎச் போட்டு எழுதுகிறார். கதவு எண்களைப் பொறுத்தவரை சென்னைத் தெருக்களில் பெரும்பாலானவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறவே இல்லை.

ஆகவே முகவரியைப் படிப்படியாக எளிமையாக்கிக் கேட்க வேண்டியிருக்கிறது. முதலில் பிளாட் எண், மாடி, “எதிரில்”, “அருகில்” ஆகியவற்றை எடுத்துத் தனிப் பத்தியில் வைக்கிறோம். அழித்துவிடக் கூடாது, டெலிவரிக்குப் போகிறவருக்கு அந்தப் பிள்ளையார் கோயில் தேவைப்படும். பிறகு புது எண்ணோடு கேட்டுப் பார்க்கிறோம், இல்லையென்றால் பழைய எண்ணோடு. அதுவும் இல்லையென்றால் தெருவும் நகரும் மட்டும். இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். தெருவின் மையம் கிடைத்தால், முந்நூறு மீட்டர் நீளத் தெருவில் வீடு அதிகபட்சம் நூற்றைம்பது மீட்டர் தள்ளியிருக்கும். வண்டிப் பாதை போடுவதற்கு அது போதும். தெருவையும் விட்டுவிட்டு “அடையாறு, சென்னை” என்று கேட்டால் கட்டாயம் ஒரு பதில் வரும். அந்தப் பதில் யாருடைய வீடும் அல்ல. பட்டியலில் காலியிடம் இருக்கக் கூடாது என்ற ஆசையில் அதைப் போட்டு நிரப்புவதைவிட, காலியாக விட்டு, வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைப்பது மேல். வாட்ஸப்பில் லொகேஷன் கேட்கலாம்; ஆனால் வீட்டில் இருக்கும்போது அனுப்பச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்தபடி “இப்போதைய இடம்” என்று அனுப்பிவிட்டால், சாப்பாடு அலுவலக வாசலுக்குத்தான் போகும்.

அடுத்தது இரட்டைப் பதிவுகள். ஒரே வீடு, ஒருமுறை 1st Cross St என்றும் மறுமுறை First Cross Street என்றும் பதிவாகியிருக்கும். சுருக்கங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, கதவு எண்ணையும் பிளாட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்து ஒப்பிட்டால் இவை பெரும்பாலும் பிடிபட்டுவிடும். புள்ளியை மட்டும் வைத்து ஒப்பிடுவதுதான் ஆபத்து. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டு வீடுகளுக்கு ஒரே புள்ளி வருவது இயல்பு. புள்ளி ஒன்று என்பதற்காகப் பதிவுகளை ஒன்றாக்கினால் ஏழு வீட்டுக்குச் சாப்பாடு போகாது. வண்டி நிற்கும் இடம் ஒன்று, ஆர்டர்கள் எட்டு என்று இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

அதே கண்ணோட்டத்தில் இன்னொரு விஷயமும் வெளிப்படும். நம் ஐநூறில் முப்பது முகவரிகள் ஒரே புள்ளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் தெருப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே குடியிருப்பின் பெயராக இருந்தால் சரி. பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு தெருக்களாக இருந்தால், கருவி வழி தெரியாமல் பகுதியின் மையத்தைக் கொடுத்திருக்கிறது. கிடைத்துவிட்டதாகக் கணக்கில் ஏறிய அந்த முப்பதும் உண்மையில் கிடைக்காதவை.

இனி, தவறான இடத்தில் விழுந்த புள்ளிகள். சில உடனே கண்ணில் படும். சென்னை ஏறத்தாழ 13.08, 80.27 என்ற எண்களில் இருக்கிறது. ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவம் தீர்க்கரேகையை முன்னால் வைக்கும். பல வரைபடங்கள் அட்சரேகையை முன்னால் கேட்கும். வரிசை மாறிவிட்டால் அடையாறு வீடு, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். காலியான எண்கள் பூஜ்யம், பூஜ்யமாகப் பதிவானால் மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடாவில் விழும். டெலிவரி எல்லையைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்து, வெளியே இருப்பதையெல்லாம் பொறுக்கி எடுத்தால் இவை தீர்ந்தன.

ஊருக்குள்ளேயே தவறாக விழுந்ததைப் பிடிக்கப் பின்கோடு உதவும். ஒரே பின்கோடு உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவான ஓரிடத்தைக் கண்டுபிடியுங்கள். இதற்குச் சராசரி வேண்டாம். ஆர்க்டிக்கில் விழுந்த ஒரே ஒரு புள்ளி சராசரியை எங்கோ இழுத்துவிடும். எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுக்கும் இடைநிலை அளவே இங்கே சரி. அதிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் புள்ளிகளை ஓர் ஆள் உட்கார்ந்து பார்க்கலாம். வேளச்சேரியின் காந்தி தெருவுக்குப் போக வேண்டியது வட சென்னையின் காந்தி தெருவுக்குப் போயிருந்தால் இதில் சிக்கிவிடும்.

ஆனால் நாம் தொடங்கிய முகவரி இதில் சிக்காது. கஸ்தூர்பா நகரும் இந்திரா நகரும் 600020 என்பதால், தவறான புள்ளியும் இந்தச் சோதனையில் தேறிவிடும். முகவரியில் நகரின் பெயர் இல்லாதவரை வரைபடத்தைப் பார்த்து அதைத் தீர்க்க வழியில்லை. அதைக் கண்டுபிடிப்பது கடைசியில் சாப்பாடு கொண்டுபோகிறவர்தான். அவர் “கொடுத்தாயிற்று” என்று கைபேசியில் அழுத்தும் கணத்தில், கைபேசி இருக்கும் இடத்தையும் சேமித்துக்கொள்ள வேண்டும். நம் புள்ளிக்கும் அதற்கும் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் சந்தேகப் பட்டியலில் சேர்க்கலாம். ஒருநாள் பதிவை மட்டும் நம்பக் கூடாது. கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் பல மீட்டர் விலகும். அவசரத்தில் இருப்பவர் அடுத்த வீட்டுக்குப் போன பிறகு முந்தைய வீட்டுக்கான பொத்தானை அழுத்துவார். ஏழெட்டு நாள் பதிவுகளின் இடைநிலை எடுத்தால் வாசல் எங்கே என்று தெளிவாகிவிடும்.

இந்த வழி இன்னொரு வகைப் பிழையையும் காட்டிக்கொடுக்கும். இந்திரா நகரை ஒட்டிப் பக்கிங்ஹாம் கால்வாயும் பறக்கும் ரயில் பாதையும் ஓடுகின்றன. புள்ளி எண்பது மீட்டர் மேற்கே நகர்ந்து கால்வாயின் மறுகரையில் விழுந்தால், தூரக் கணக்கில் அது சிறிய பிழை, நம் நூறு மீட்டர் வரம்புக்குள் அடங்கிவிடும். பாதை போடும் மென்பொருளோ புள்ளிக்கு மிக அருகிலுள்ள சாலையைப் பிடித்துக்கொண்டு, வண்டியைப் பாலம் சுற்றி மறுகரைக்கு அனுப்பும். முன்பக்கம் ஒரு தெரு, பின்பக்கம் ஒரு தெரு என்று இருக்கும் குடியிருப்பிலும் இதே கதைதான்: புள்ளி கட்டடத்தின் மேல் சரியாக இருக்கும், வழி பூட்டிய பின்கேட்டில் முடியும். அதனால் தூரத்தோடு, புள்ளி எந்தச் சாலையோடு ஒட்டுகிறது என்பதையும் ஒப்பிட வேண்டும். புள்ளி வாசல் கேட்டில் இருக்க வேண்டும், கூரையின் நடுவில் அல்ல.

அஞ்சல் துறை 2025-இல் வெளியிட்ட டிஜிபின், நாட்டை ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. வாடிக்கையாளர் அதைச் சொன்னால் தெருப் பெயர்ச் சிக்கலே எழாது. அவர் வாசலில் நின்று எடுத்தாரா, படுக்கையறையில் இருந்து எடுத்தாரா என்ற கேள்வி மட்டும் அப்போதும் இருக்கும்.

திருத்திய புள்ளியை எப்படிச் சேமிக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கையால் சரிசெய்த புள்ளிக்கு எதிரே “ஆள் சரிபார்த்தது” என்று குறித்து, தேதியும் போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதம் யாரோ மொத்தப் பட்டியலையும் மறுபடி ஜியோகோடிங் செய்யும்போது, சரியான புள்ளிமேல் பழைய தவறு திரும்பப் பதிந்துவிடும். அந்தப் புள்ளி முகவரியோடுதான் சேர்ந்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் பெயரோடு அல்ல. அவர் வீடு மாறி முகவரியைத் திருத்தும் அன்றே பழைய புள்ளி விலகிவிட வேண்டும். அவர் காலி செய்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர் சாப்பாடு கேட்டால், அதே புள்ளியை அவருக்கு அப்படியே பயன்படுத்தலாம்.