கல்லில் கழிப்பதும் மண்ணில் சேர்ப்பதும்

ஃப்ளாரன்ஸ் நகரப் பேராலயத்தின் பணிமனையில் 5 மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு பளிங்குப் பாளம் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1464-இல் அகோஸ்தினோ தி தூச்சோ அதில் உளி வைத்தார், பாதியில் கைவிட்டார். 1501-இல் அது 26 வயது மைக்கலாஞ்சலோவிடம் வந்தது. கல்லுக்கு உயரம் இருந்தது, கனம் போதவில்லை. அந்தக் குறுகலுக்குள் அடங்கும்படிதான் தாவீதை அவர் நிற்க வைத்தார்.

இது கழித்துச் செய்யும் சிற்பம். செதுக்கிய கல் திரும்ப வராது என்பதால், எவ்வளவு மிச்சம் வைப்பது என்பதே சிற்பியின் முதல் கவலை. முகம் செதுக்கும்போது மூக்கைப் பெரிதாகவே விட்டுவைப்பார்கள். கண்குழி ஒரு விரல்கடை ஆழமாகப் போய்விட்டால் கன்னம், நெற்றி, மூக்கு எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளித்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கும் கல் மிச்சம் இருந்தாக வேண்டும். முதலில் கூர் உளி, பிறகு பல் உளி, கடைசியில் தட்டை உளியும் அரமும். தாவீது நிற்கும் அதே அருங்காட்சியகத்தில் மைக்கலாஞ்சலோ முடிக்காமல் விட்ட மத்தேயு சிலையும் இருக்கிறது. பல் உளி இழுத்த இணைகோடுகளை அதில் இன்றும் பார்க்கலாம். தொடங்குகிறவர்களுக்கு, முடிந்த தாவீதைவிட இந்த முடியாத மத்தேயுதான் நல்ல பாடம் என்பேன்.

களிமண்ணில் வேலை தலைகீழ். மூக்கு சிறுத்துவிட்டதா, ஒரு துண்டு மண்ணை அப்பலாம். கண் ஆழமாகிவிட்டதா, நிரப்பலாம். இங்கே சிக்கல் எடையும் ஈரமும். ஈர மண் தன் பாரத்திலேயே சரியும். அதனால் தலையோ உடலோ செய்யும்போது உள்ளே குழாயும் கம்பியும் கொண்ட சட்டம் வைக்கிறார்கள். மண் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது, விரிசல் விழும். எனவே வேலை முடியும்வரை ஈரத்துணி போர்த்தி வைத்து, முடிந்ததும் அச்செடுத்துப் பிளாஸ்டரில் வார்த்துக்கொள்வார்கள்.

சூளையில் சுடுவதானால் கம்பி கூடாது. மண் ஓரளவு இறுகியதும் தலையை வெட்டித் திறந்து, சுவர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும்படி உள்ளே குடைந்து, மறுபடி ஒட்டி மெல்லக் காயவிட வேண்டும். ஈரம் மிஞ்சினால் சூளையில் அது நீராவியாகிச் சிலையை வெடிக்க வைக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்: சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை.

பளிங்குக்குப் பாரத்தைத் தாங்கும் பலம் உண்டு, வளைவதைத் தாங்காது. தாவீதின் வலது காலுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையைச் செதுக்காமல் விட்டது அதற்காகத்தான். அப்படியிருந்தும் கணுக்கால் பக்கம் நுண்ணிய விரிசல்கள் விழுந்திருக்கின்றன.

இரண்டையும் இணைத்தவர்களும் உண்டு. ரோடான் களிமண்ணில் உருவாக்குவார். அதைப் பிளாஸ்டரில் வார்த்த பிறகு, உதவியாளர்கள் ஊசி பொருத்திய அளவுகோல் சட்டத்தால் புள்ளி புள்ளியாக ஆழம் அளந்து பளிங்கில் செதுக்குவார்கள். துளையிடும்போது அளந்த ஆழம்வரை போகாமல், கடைசி உளிக்கென்று சற்று முன்னாலேயே நிறுத்திவிடுவது அந்தத் தொழிலில் வழக்கம்.