எந்தக் கணக்கில் வந்த பணம்?

கல்யாண போட்டோகிராபர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிச்சயதார்த்தப் படங்களுக்காகப் பெண் வீட்டார் அவருக்கு இன்னும் 15,000 ரூபாய் தர வேண்டும். கல்யாணத்துக்குத் தேதியை உறுதி செய்ய 40,000 ரூபாய் அட்வான்ஸ் என்று பேச்சு. அதற்கான நாளும் வந்துவிட்டது. ஒரு நாள் காலை யுபிஐ வழியாக 30,000 ரூபாய் வருகிறது. எதற்கென்று ஒரு வரி இல்லை. இவரும் "ரொம்ப நன்றி சார்" என்று கும்பிடும் கைகளோடு பதில் போட்டுவிடுகிறார்.

பழைய பாக்கி தீர்ந்தது, அட்வான்ஸில் பாதிகூட வரவில்லை என்பது இவர் கணக்கு. அட்வான்ஸில் முக்கால்வாசி கொடுத்தாயிற்று, பழையதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது பெண்ணின் அப்பா கணக்கு. முகூர்த்தம் நெருங்கும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும்.

இந்தச் சிக்கலை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே யோசித்து வைத்திருக்கிறது. பணம் கொடுப்பவர் இன்ன கடனுக்கு என்று சொன்னால் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும் என்கிறது 59-ஆவது பிரிவு. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் சூழ்நிலையே காட்டிக்கொடுக்கலாம். சட்டம் தரும் உதாரணத்தில் ஒருவர் 567 ரூபாய் கேட்டுக் கடிதம் எழுதுகிறார், சரியாக 567 ரூபாய் வருகிறது. அது அந்தக் கடனுக்கே. நம்முடைய 30,000 எந்தக் கணக்கோடும் பொருந்தவில்லை. அப்போது 60-ஆவது பிரிவின்படி வாங்கியவர் தமக்கு வர வேண்டிய எந்தக் கடனிலும் கழித்துக்கொள்ளலாம். இருவருமே வாய் திறக்காவிட்டால், 61-ஆவது பிரிவின்படி பழைய கடன் முதலில் கழியும்.

நன்றிச் செய்தி இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது:

"வணக்கம் சார். இன்று 30,000 ரூபாய் வந்து சேர்ந்தது, மிக்க நன்றி. ரசீது எண் 14. இதில் 15,000 நிச்சயதார்த்தப் பாக்கிக்கு. அந்தக் கணக்கு முடிந்தது. மீதி 15,000 கல்யாண அட்வான்ஸுக்கு. அதில் இன்னும் 25,000 வர வேண்டும். அட்வான்ஸ் முழுதும் வந்ததும் தேதி உறுதியாகும். ட்ரோன் படப்பிடிப்பும் கூடுதல் ஆல்பமும் இந்தத் தொகையில் சேரவில்லை. வேறு மாதிரி நினைத்திருந்தால் சொல்லுங்கள்."

ட்ரோன் பற்றிய வரி கறாராகத் தோன்றலாம். ஆனால் ஆல்பம் கொடுக்கும் நாளில் மூளும் சண்டைகளில் பல, "அதுவும் சேர்த்துத்தானே பேசினோம்" என்றுதான் தொடங்குகின்றன.

அனுப்புவதற்கு முன் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் போதாது. நிலுவையில் நிற்கும் பணத்துக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், போலியாகவும் செய்யலாம். 5,000 ரூபாய்க்கு மேல் காகிதத்தில் ரசீது எழுதிக் கொடுத்தால், ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போடும் பழைய முறை இன்றும் உண்டு.

பெண்ணின் அப்பா, "இல்லை தம்பி, முழுசையும் அட்வான்ஸில் போடுங்க" என்று எழுதினால், அன்றைக்கே பேசி முடிப்பது நல்லது. இருவரும் ஒத்துக்கொண்டால், 14-ஆம் எண் ரசீதுக்குப் பதிலாக இது என்று குறிப்பிட்டுப் புதிய ரசீது அனுப்பலாம். பழைய செய்தியை மட்டும் அழிக்க வேண்டாம்.