உங்களுக்குத் தெரியுமா? ஸ்ப்ரே பெயிண்ட் நாசில் தண்டோடு ஒட்டிக்கொண்டால்

ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவின் நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றித் தின்னரில் ஊறவைக்கலாம். அதுவே வால்வுத் தண்டோடு காய்ந்து ஒட்டிக்கொண்டால்? குறடு போட்டுப் பக்கவாட்டில் நெம்பவே கூடாது. அந்தத் தண்டு மெல்லிய பிளாஸ்டிக் குழாய். சாய்ந்தாலோ அழுந்தினாலோ வால்வு திறந்து பெயிண்ட் பீய்ச்சும், ஒடிந்தால் டப்பாவே வீண்.

அடுப்பு, விளக்கு இல்லாத காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, டப்பாவை நிமிர்த்தி வையுங்கள். நாசிலும் தண்டும் சேரும் இடத்தில் சில சொட்டு என்.சி. தின்னர் விட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். பிறகு கீழே அழுத்தாமல், நாசிலை இடமும் வலமும் மெல்லத் திருகுங்கள். முதலில் அசையாது, பெயிண்ட் இளகியதும் வழுக்கிக்கொண்டு சுற்றும். அப்போது திருகியபடியே நேராக மேலே இழுங்கள். சுற்றவில்லை என்றால் இன்னும் சில சொட்டு விடுங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள்.

கழன்ற நாசிலை ஊறவைத்து, அடிப்பக்கத்திலிருந்து மெல்லிய கம்பியால் குத்தலாம். டப்பாவிலுள்ள தண்டுக்குள் மட்டும் ஊசி விடாதீர்கள். உள்ளேயிருக்கும் ரப்பர் வளையம் கிழிந்தால் கசிவு நிற்காது.

மறுபடி ஒட்டாமலிருக்க, பெயிண்ட் அடித்து முடித்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை அழுத்துங்கள். உறிஞ்சுகுழாயின் வாய் அப்போது பெயிண்டுக்கு மேலே நிற்பதால், வாயு மட்டும் வந்து நாசிலைத் துடைத்துவிடும்.