நாளும் நேரமும் இடமும்: வன்னியின் கலியாணக் காட் அன்றும் இன்றும்

வன்னிக் கிராமங்களில் கலியாணத்தை முன்பு வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். பெற்றாரில் ஒருவரும் இனத்தவர் ஒருவரும் தட்டத்தில் வெற்றிலை பாக்கும் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வருவார்கள். படலையடியில் நின்றே "கலியாணம் சொல்ல வந்தனாங்கள்" என்பார்கள். உள்ளே இருந்து ஒரு தேத்தண்ணி குடித்து, "வாற வெள்ளிக்கிழமை, எங்கட கந்தசுவாமி கோவிலிலதான். ஒன்பது மணிக்கு முன்னமே எல்லாரும் வந்திட வேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் காட்டை நீட்டுவார்கள். வாங்கியவர் அதைப் பிரித்துப் படிக்க அவசரப்படுவதில்லை. அறிய வேண்டியதை அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார்.

பழைய அழைப்பிதழ் ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாளையும் நேரத்தையும் இடத்தையும் சொல்ல வந்தவரே சுமந்து வந்தார். காட் சுமந்தது மரியாதையை. மரியாதைக்கு நீளம் அழகு.

அந்த வாசகம் ஏறத்தாழ எல்லா அச்சகங்களிலும் ஒரே அச்சுத்தான். மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழ் 'சிவமயம்', பிறகு 'அன்புடையீர்'. அதற்குப் பின் முற்றுப்புள்ளி கடைசியில்தான் வரும். மாதிரிக்கு ஒன்றை, பெயர்களை விட்டுவிட்டு, இங்கே எழுதுகிறேன்:

"நிகழும் மங்களகரமான குரோதி வருடம் ஆவணித் திங்கள் 14ஆம் நாள் (30.08.2024) வெள்ளிக்கிழமை புனர்பூச நட்சத்திரமும் சுபயோகமும் கூடிய காலை 8.50 மணி தொடக்கம் 10.15 மணி வரையுள்ள சுபமுகூர்த்த வேளையில், எமது சிரேஷ்ட புத்திரன் திருநிறைச்செல்வன் ……… அவர்களுக்கும், ……… தம்பதியரின் கனிஷ்ட புத்திரி திருநிறைச்செல்வி ……… அவர்களுக்கும் இருவீட்டுப் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலில் இறையருளால் திருமணம் நடைபெற இருப்பதால், தாங்கள் தங்கள் குடும்ப சமேதராய் வருகை தந்து மணமக்களை ஆசீர்வதித்து, தொடர்ந்து நடைபெறும் விருந்துபசாரத்திலும் கலந்து சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கின்றோம்."

விருந்தாளிக்கு வேண்டியவை இதில் மூன்றே இடங்களில் கிடக்கின்றன. நாள் அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருக்கிறது. நேரம் நட்சத்திரத்துக்கும் யோகத்துக்கும் பின்னால் நிற்கிறது. இடமோ மணமகள் பெயரையும் பெரியோர்களையும் தாண்டிய பிறகுதான் வருகிறது. நேரில் சொல்லிக் கொடுத்த காலத்தில் இது குறையாகவே தெரியவில்லை.

சொல்ல வந்தவரின் வாய் எவ்வளவு வேலை செய்தது என்பதை வன்னி வேறு எந்த ஊரையும் விட நன்றாக அறியும். 1996 மே மாதத்தில் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. மிஞ்சிய அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அதனால் ஏறத்தாழ பத்து வருடம் வவுனியா நகரில் ஒரு நேரம், ஓமந்தையைத் தாண்டினால் இன்னொரு நேரம். சனங்கள் அவற்றைப் புதிய நேரம், பழைய நேரம் என்று சொன்னார்கள்.

காட்டில் 'காலை 9.30' என்று மட்டும் இருந்தால் என்ன ஆகும்? வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குக் கலியாணத்துக்குப் போகிறவர் தன் மணிக்கூட்டைப் பார்த்துப் போனால் அங்கே ஒன்பது மணிதான் ஆகியிருக்கும். அரை மணித்தியாலம் பந்தலில் இருந்து கதைத்தால் சரி. கிளிநொச்சியிலிருந்து வவுனியாக் கலியாணத்துக்குப் போகிறவரின் நிலை வேறு. அவருடைய மணிக்கூட்டில் 9.30 ஆகும்போது மண்டபத்தில் பத்து மணி. தாலி ஏறி முடிந்திருக்கும். 'பழைய நேரமோ, புதிய நேரமோ' என்று ஒருமுறை கேட்டாக வேண்டிய காலம் அது. காட் பேசாதபோது சொல்ல வந்தவர் பேசினார்.

இன்று அந்த ஆள் பெரும்பாலும் வருவதில்லை. கைபேசி வன்னியில் வீட்டுக்கு வீடு பரவியது 2009இல் போர் முடிந்த பின்னர்தான். இப்போது மல்லாவியில் இருக்கும் மாமாவுக்கும் ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே நிமிடத்தில் வட்ஸ்அப்பிலோ வைபரிலோ காட் போய்ச் சேர்கிறது. நெருங்கிய வீடுகளுக்கு இன்னும் தட்டத்தோடு போகிறார்கள். மற்ற எல்லாருக்கும் படம்தான். படத்தோடு ஆள் போவதில்லை. ஆகவே அன்று வாய் சுமந்ததை இன்று காட்டே சுமக்க வேண்டியிருக்கிறது. வாசகம் சுருங்கியதற்கு நாகரிகத்தைக் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இந்த வேலை மாற்றம்தான் காரணமாகத் தெரிகிறது.

மேலே கொடுத்த வாசகத்தைச் சுருக்கினால் இப்படி நிற்கும்:

திருமணம்
……… – ………
வெள்ளிக்கிழமை, 30 ஓகஸ்ட் 2024
முகூர்த்தம்: காலை 8.50 – 10.15 (இலங்கை நேரம்)
கந்தசுவாமி கோவில், ஏ9 வீதி, கிளிநொச்சி
மணமகனின் பெற்றார்: ………
மணமகளின் பெற்றார்: ………

இதில் எது போனது, எது ஏன் நின்றது என்று பார்க்க வேண்டும். சுருக்குகிறவர்கள் பிழை விடுவது இங்கேதான்.

முதலில் நாள். பழைய வாசகத்தின் மேல் பற்றுள்ளவர்கள் அடைப்புக்குறியை நீக்கிவிட்டு 'ஆவணி 14' என்பதை மட்டும் வைத்துக்கொள்வதுண்டு. வன்னியில் அது ஆபத்து. எங்கள் பேச்சில் ஓகஸ்ட் மாதத்துக்கே ஆவணி என்றுதான் பெயர். செப்ரெம்பர் புரட்டாதி, டிசம்பர் மார்கழி. பஞ்சாங்க ஆவணியோ ஓகஸ்ட் நடுவில்தான் பிறக்கும். 'ஆவணி 14' என்று படித்தவர்களில் பாதிப் பேர் ஓகஸ்ட் 14ஆம் திகதி கோவிலடியில் வந்து நிற்கக்கூடும். கலியாணம் அதற்குப் பதினாறு நாள் கழித்து. ஆகவே பஞ்சாங்க நாளை வைப்பதானால் வருடப் பெயரோடு முழுதாக வையுங்கள், இல்லாவிட்டால் முழுதாக எடுத்துவிடுங்கள்.

மாதத்தை எண்ணில் எழுதாமல் பெயரில் எழுதியதற்கும் காரணம் உண்டு. 30.08 என்பதை யாரும் மாற்றிப் படிக்க முடியாது. ஆனால் 05.06 என்று வந்தால் மாதத்தை முதலில் எழுதும் நாட்டிலிருந்து வரும் உறவினர் அதை மே 6 என்று படிப்பார். கிழமையை விட்டுவிடலாமே என்று இடம் போதாத காட்டில் தோன்றும். விடக்கூடாது. திகதியில் ஓர் இலக்கம் பிழைத்தால் அதைக் காட்டிக் கொடுப்பது கிழமை மட்டும்தான். 'வெள்ளிக்கிழமை, 31 ஓகஸ்ட்' என்று அச்சில் வந்துவிட்டால், அந்த ஆண்டில் 31 சனிக்கிழமை என்று கண்டு யாராவது ஒருவர் தொலைபேசி எடுப்பார்.

நேரத்தில் தொடக்கமும் முடிவும் இரண்டும் வேண்டும். 'காலை 9 மணியளவில்' என்று உருட்டிச் சொன்னால் வருகிறவர்கள் பத்தரைக்கு வருவார்கள். 10.15 என்ற எண் கண்ணில் பட்டால்தான் அதற்குள் மணவறையடியில் இருக்க வேண்டும் என்று விளங்கும். 'இலங்கை நேரம்' என்ற இரண்டு சொற்களும் வெளிநாட்டில் நேரலை பார்ப்பவர்களுக்காக. வெள்ளி காலை 8.50 என்பது ஓகஸ்டில் ரொறன்ரோவில் வியாழன் இரவு 11.20. நேரம் மட்டுமல்ல, அங்கே கிழமையே மாறிவிடுகிறது. அந்த இரண்டு சொற்கள் இல்லாவிட்டால் சித்தப்பா வெள்ளி காலையில் எழும்பித் திரையைத் திறப்பார். இங்கே அப்போது பொழுதுபட்டிருக்கும்.

இடத்தைச் சுருக்கும்போது ஊர்ப் பெயர் தேவையில்லை என்று உள்ளூர்க்காரருக்குத் தோன்றும். 'கந்தசுவாமி கோவில்' என்றால் கிளிநொச்சிக்காரருக்கு ஒன்றுதான். வவுனியாவிலும் நகரிலேயே ஒரு கந்தசுவாமி கோவில் இருக்கிறது. நெடுங்கேணியிலிருந்து வருகிறவருக்குத் தெற்கே போவதா வடக்கே போவதா என்பதை அந்த ஒரு ஊர்ப் பெயர்தான் சொல்லும். குளத்துக்கொரு பிள்ளையார் உள்ள நாட்டில் 'பிள்ளையார் கோவில்' என்று மட்டும் எழுதுவதும் இதே பிழைதான். புதுக்குடியிருப்பு என்ற பெயர் முல்லைத்தீவிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. அங்கே மாவட்டத்தையும் சேர்க்க வேண்டும். வாய்க்கால் எண்ணாலும் கட்டை எண்ணாலும் இடம் சொல்லும் குடியேற்றத் திட்டக் கிராமங்களில் அந்த எண்ணை வெட்டினால் முகவரியே இல்லை.

போனவற்றில் பெரும்பாலானவற்றுக்காக நான் வருந்தவில்லை. மங்களகரம், சுபயோகம், குடும்ப சமேதர், விருந்துபசாரம் எல்லாம் நேரில் போகும் நீளக் காட்டில் இருக்கட்டும். ஆனால் பெற்றாரின் பெயரை வெட்டச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்களிடம் குடும்பப் பெயர் இல்லை. இன்னார் யார் வீட்டுப் பிள்ளை என்பதைப் பெற்றாரின் பெயர்தான் சொல்கிறது. பல முறை இடம்பெயர்ந்து சிதறிய சனத்துக்கு அந்த ஒரு வரிதான் "இது எங்கட பழைய அயலவன்ர மகளல்லோ" என்று சொல்ல வைக்கிறது.

அந்த வரியில் வன்னிக்கே உரிய ஒரு கனமும் இருக்கிறது. பழைய முறைப்படி தந்தை இல்லாவிட்டால் பெயருக்கு முன் 'அமரர்' என்று போடுவார்கள். 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவரின் மகளுக்குக் கலியாணம் என்றால் என்ன போடுவது? 'அமரர்' என்று எழுதத் தாய்க்குக் கை வராது. எழுதினால் தேடுவதை நிறுத்தியதாகிவிடும். 'திரு' என்று போட்டால் மணவறையில் அவர் ஏன் இல்லை என்று யாரோ ஒருவர் கேட்பார். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டத்தைத் தொடங்கியதும் இதே கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால்தான். குறுங்காட்டின் வடிவம் இந்தத் தாய்மாருக்கு ஒரு வழி விடுகிறது. 'மணமகளின் பெற்றார்' என்று எழுதி, இரண்டு பெயர்களையும் முன்னொட்டு எதுவும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். பொய்யும் இல்லை, முடிவும் சொல்லப்படவில்லை. இரு வீட்டாருக்கும் ஒரே மாதிரி எழுதினால் வேறுபாடும் தெரியாது.

அச்சகத்தில் இன்னொரு தடங்கல் உண்டு. நீளக் காட்டைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால், அதைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டும்போது 'திருமணம்' என்பது `jpUkzk;` என்று வரும். எண்கள் மட்டும் தப்பிப் பிழைக்கும். அதனால் பலர் முழுக் காட்டையும் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அது கைபேசித் திரையில் சுருங்கி, முகூர்த்தம் 8.50ஆ 8.30ஆ என்று வயதானவர்களுக்குத் தெரியாமல் போகிறது. குறும் வாசகத்தை ஒருங்குறியில் புதிதாகத் தட்டெழுதி, படத்தோடு கூட எழுத்தாகவும் அனுப்புவது நல்லது. அனுப்ப முன், கலியாணத்தைப் பற்றி எதுவும் அறியாத ஒருவருக்குத் தொலைபேசியில் அதை ஒருமுறை வாசித்துக் காட்டி, என்ன கிழமை, எத்தனை மணிக்கு, எந்த ஊர் என்று திருப்பிக் கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் சொல்லைக் கூட்டுங்கள், காட் ஒரு வரி நீண்டாலும் பரவாயில்லை.