பதினாறாம் நாள் எந்தத் தேதி?

இறந்த நாளையே முதல் நாளாக வைத்து எண்ணும் வழக்கத்தில், பதினாறாம் நாள் காரியம் இறந்த தேதியிலிருந்து பதினைந்து நாள் தள்ளி வரும். 3ஆம் தேதி இறந்தவருக்கு 18ஆம் தேதி. 10ஆம் தேதி இறந்தவருக்கு 25ஆம் தேதி. கூட்ட வேண்டிய எண் 15, 16 அல்ல. முதல் எண் இறந்த நாளுக்கே போய்விடுவதால், அதற்குப் பிறகு எண்ண மீதம் இருப்பவை பதினைந்துதான். துக்க வீட்டில் அவசரமாகக் கணக்குப் போடும்போது பதினாறைக் கூட்டிவிடுவதுதான் பெரும்பாலும் நேரும் பிழை. அப்படிக் குறித்த தேதி உண்மையில் பதினேழாம் நாள்.

இப்படி எண்ணுவது தமிழ்ப் பேச்சுக்குப் புதிதல்ல. திங்கட்கிழமை பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் “இன்னிக்கு எட்டாம் நாள் வர்றேன்” என்றால், அவர் சொல்வது அடுத்த திங்கட்கிழமையை. இடையில் இருப்பது ஏழு நாள்தான் என்றாலும், பேசுகிற நாளும் எண்ணிக்கையில் சேர்ந்து எட்டாகிறது. துக்க நாள் கணக்கும் இதே அச்சில்தான் நடக்கிறது. ஆகவே எட்டாம் நாள் இறந்த கிழமையிலேயே வரும். பதினைந்தாம் நாளும் அதே கிழமைதான். பதினாறாம் நாள் இறந்த கிழமைக்கு மறு கிழமை.

போட்ட கணக்கைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. புதன்கிழமை மரணம் என்றால் காரியம் வியாழக்கிழமை வர வேண்டும். கணக்கில் வெள்ளி வந்தால் ஒரு நாள் கூடிவிட்டது. புதனே வந்தால் ஒரு நாள் குறைந்துவிட்டது. மாதம், வருடம், லீப் ஆண்டு எதுவும் இந்தக் கிழமை விதியைப் பாதிக்காது. யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே உள்ள முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் இதே முறை பொருந்தும். அங்கே கூட்ட வேண்டியது 30. கிழமை இரண்டு தள்ளும். புதனுக்கு வெள்ளி.

மாத நடுவுக்குப் பிறகு மரணம் நேர்ந்தால் காரியம் அடுத்த மாதத்துக்குப் போகும். அப்போது பதினைந்தைக் கூட்டி, வந்த எண்ணிலிருந்து மரணம் நடந்த மாதத்தின் நாட்களைக் கழிக்க வேண்டும். இதையே சுருக்கினால், 31 நாள் மாதத்தில் இறந்த தேதியிலிருந்து 16ஐயும், 30 நாள் மாதத்தில் 15ஐயும் கழித்தால் அடுத்த மாதத் தேதி வந்துவிடும். மே 20 என்றால் ஜூன் 4. ஜூன் 20 என்றால் ஜூலை 5. பிப்ரவரியில் மட்டும் கவனம் வேண்டும். 2024 பிப்ரவரிக்கு 29 நாள் என்பதால், 18ஆம் தேதிக்குப் பதினாறாம் நாள் மார்ச் 4. அடுத்த ஆண்டு அதே 18ஆம் தேதிக்கு மார்ச் 5. தமிழ்த் தேதியில் எண்ணினாலும் பதினைந்தைத்தான் கூட்ட வேண்டும். ஆனால் தமிழ் மாதங்கள் 29 நாள் முதல் 32 நாள் வரை நீளும் என்பதால், மாதம் தாண்டும்போது அந்த ஆண்டின் காலண்டரைப் பார்க்காமல் மனக்கணக்காகச் சொல்லக் கூடாது.

உண்மையான சிக்கல் கூட்டலில் இல்லை. முதல் நாள் எது என்பதில் இருக்கிறது. ஒரு மரணத்தை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 20, புதன்கிழமை, விடியற்காலை இரண்டரை மணிக்கு ஆஸ்பத்திரியில் உயிர் பிரிகிறது. சொந்தக்காரர்கள் வந்து சேர வேண்டியிருந்ததால் அடக்கம் வியாழக்கிழமை, 21ஆம் தேதி நடக்கிறது. இப்போது இந்த வீட்டில் மூன்று பேர் மூன்று தேதி சொல்ல இடம் இருக்கிறது.

ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் மகன் 20ஐ முதல் நாளாக எடுக்கிறான். 20உடன் 15 சேர்ந்தால் 35. நவம்பரின் 30 போக மீதி 5. டிசம்பர் 5, வியாழன். கிழமை ஒன்று தள்ளியிருப்பதால் கூட்டல் சரி. தமிழ்த் தேதியிலும் ஒத்துப்போகிறது. நவம்பர் 20 அந்த ஆண்டில் கார்த்திகை 5, டிசம்பர் 5 கார்த்திகை 20.

ஊர்ப் பெரியவர் இதை ஏற்காமல் போகலாம். பஞ்சாங்கப்படி ஒரு நாள் என்பது சூரிய உதயம் முதல் மறு உதயம் வரை. இரண்டரை மணிக்கு இன்னும் பொழுது விடியவில்லை. அவர் பார்வையில் அது செவ்வாய் ராத்திரிதான். முதல் நாள் நவம்பர் 19 ஆகிறது, பதினாறாம் நாள் டிசம்பர் 4, புதன். இதுவும் பிழையற்ற கணக்கே. ஒருவர் நள்ளிரவில் தேதியை மாற்றுகிறார், மற்றவர் விடியலில் மாற்றுகிறார், அவ்வளவுதான். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே நேரும் மரணங்களில் மட்டுமே இந்த வேறுபாடு வரும். காலை பத்து மணிக்கோ இரவு பத்து மணிக்கோ இறந்தவருக்கு இரண்டு முறையும் ஒரே தேதியைத்தான் தரும்.

மூன்றாமவர் அடக்கம் நடந்த 21ஆம் தேதியிலிருந்து எண்ணி டிசம்பர் 6, வெள்ளி என்கிறார். சில குடும்பங்களில் அப்படி எண்ணுவதும் உண்டு. ஆனால் இறந்த நாளே முதல் நாள் என்ற வழக்கமுள்ள வீட்டில் இந்தத் தேதி பொருந்தாது. பொழுது சாய்ந்து இறந்து மறுநாள் எடுக்கும்போதெல்லாம் இந்தக் குழப்பம் எட்டிப் பார்க்கும். சாவுக்கு வந்தவர்களின் நினைவில் பதிந்திருப்பது அடக்கம் நடந்த நாள்தான்.

எனவே தேதி குறிக்க உட்காருவதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: உயிர் எத்தனை மணிக்குப் பிரிந்தது, விடியலுக்கு முன் இறந்தால் இந்த வீட்டில் எந்த நாளாகக் கொள்வார்கள். அந்தக் குடும்பத்தில் முன்பு நடந்த ஒரு காரியத்தைப் பங்காளிகளில் மூத்தவர் நினைவுபடுத்தினால் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேசும்போது இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. சென்னையில் காலை ஏழு மணிக்கு அப்பா இறந்தால், டொராண்டோவில் இருக்கும் மகளுக்குச் செய்தி எட்டும்போது அங்கே முந்தைய நாள் இரவாக இருக்கும். அவள் தன் காலண்டரில் எண்ணி டிக்கெட் எடுத்தால் ஒரு நாள் முன்பின் ஆகிவிடும். மரணம் நடந்த ஊரின் தேதியைச் சொல்லிவிடுவது நல்லது.

கணக்கில் வந்த நாளிலேயே காரியம் நடக்கும் என்பதும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் ஆகாது என்று ஒதுக்கும் வீடுகளில், திங்கட்கிழமை அல்லது வியாழக்கிழமை இறந்தவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும், நாளை மாற்ற வேண்டியிருக்கும் என்று. பதினாறாம் நாள் தானாக ஞாயிற்றுக்கிழமை வருவது சனிக்கிழமை மரணத்துக்கு மட்டும்தான். அதனால் வேலைக்குப் போகும் உறவினர்களுக்காக வேறு நாளை ஞாயிறுக்கு இழுப்பதும் நடக்கிறது. இப்படி முன்னே தள்ளி வைத்தாலும் பத்திரிகையில் “பதினாறாம் நாள் காரியம்” என்றே அச்சாகும். அதைப் பார்த்து ஒருவர் பின்னோக்கி எண்ணி இறந்த தேதியைக் கண்டுபிடிக்க முயன்றால் தவறான நாளில் போய் நிற்பார். பத்திரிகையில் இறந்த தேதி, கிழமை, காரியத்தின் தேதி, கிழமை நான்கும் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. சில ஊர்களில் முந்தைய இரவே படையல் தொடங்கிவிடுகிறது. அங்கே பதினைந்தாம் நாள் இரவு என்றும் பதினாறாம் நாள் காலை என்றும் தனித்தனியே தேதியிட்டு எழுதினால், வருகிறவர்கள் எந்த வேளைக்கு வந்து சேர வேண்டும் என்பது தெளிவாகும்.